ஆட்சி மாறினால் அரசும் மாறிவிடுமா?

செய்தித்தாளில் ‘அரசு’ என்ற ஒரே சொல் நாலு வேலை பார்க்கிறது. அதே பழக்கத்தில் முதலாண்டு மாணவர், “1975-க்குப் பிறகு ஸ்பெயினில் அரசு மாறியது” என்று எழுதிவிடுகிறார். உண்மையில் மாறியது எது?

பிராங்கோ 1975-ல் இறந்தார். 1978-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. யார், எப்படி அதிகாரத்துக்கு வரலாம் என்ற விதியே மாறியது. இது ஆட்சிமுறை மாற்றம். 1982 தேர்தலில் வென்று பெலிப்பே கொன்சாலஸ் பிரதமரானார். விதி அப்படியே இருக்க, ஆட்கள்தான் மாறினார்கள். இது அரசாங்க மாற்றம். இரண்டு முறையும் ஸ்பெயின் என்ற அரசு மாறவில்லை. 1955-ல் கிடைத்த ஐ.நா. உறுப்பினர் இடம் தொடர்ந்தது. தேசம் என்பது மக்கள் தங்களை யாராக உணர்கிறார்கள் என்பது. கட்டலோனியர் பலர் தங்களைத் தேசம் என்கிறார்கள். தனி அரசு அவர்களுக்கு இல்லை.

‘அரசு’ என்று எழுதும்போதெல்லாம் கேட்டுப் பாருங்கள்: தேர்தலில் தோற்றால் இது போய்விடுமா? போகுமென்றால், அது அரசாங்கம். அடிப்படை விதிகள் மாறினால்தான் போகுமா? ஆட்சிமுறை. அதற்குப் பிறகும் நிற்குமா? அதுதான் அரசு.

மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அரசாங்கத்தை விமர்சிப்பவரை தேசத்துரோகி என்று சொல்ல முடிவதே இந்தக் குழப்பத்தால்தான்.