அரியர் ‘விழுவது’ குறித்து

பொறியியல் கல்லூரி விடுதிகளில் புழங்கும் ஒரு தொடர் எங்களை நெடுநாளாக உறுத்தி வருகிறது. ‘அரியர் விழுந்துவிட்டது’ என்கிறார்கள். பல்லி விழுவதைப் போல அதுவும் எங்கிருந்தோ வந்து விழுகிறது. ‘பேப்பர் போய்விட்டது’ என்பதும் அவ்வகையே. பேருந்து போய்விட்டதைப் போல. இரண்டு வாக்கியங்களிலும் படிக்காமல் இருந்தவரைக் காணோம். தேர்வில் தோற்றதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் செய்தியில் சாக்கு முதலில் குடியேறும் இடம் இந்த வினைச்சொற்கள்தாம் என்பது எங்கள் கருத்து.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் இயந்திரவியல் மாணவர் ஒருவர், ஊரிலிருக்கும் தந்தைக்கு அனுப்பவிருந்த வாட்ஸ்அப் செய்தியை எங்களிடம் காட்டினார். நான்காம் செமஸ்டரில் ஆறு பாடங்கள், இரண்டில் தோல்வி. அவர் எழுதியிருந்தது இது: “அப்பா, இந்தத் தடவை பேப்பர் ரொம்பக் கஷ்டம். கிளாஸில் பாதிப் பேருக்குப் போய்விட்டது. காய்ச்சல் வேறு. எனக்கும் ரெண்டு விழுந்துவிட்டது. ரீவேல்யுவேஷன் போட்டால் வந்துவிடும். நான் எதற்குமே லாயக்கில்லை அப்பா.”

செய்தி நான்காவது வாக்கியத்தில்தான் வருகிறது. அதற்குள் படிக்கும் தந்தையின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டோம். தேறிய பாடம் ஒன்றின் தேர்வுக்கு முதல் நாள் என்றார், தாமே சிரித்துக்கொண்டு. வகுப்பில் பாதிப் பேர் தோற்றது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மீதிப் பாதி தேறியிருக்கிறதே என்று அந்தத் தந்தை கணக்குப் போடமாட்டாரா? மறுமதிப்பீடும் அப்படித்தான். விடைத்தாளின் நகலை வாங்கி, ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, மதிப்பெண் கூட வாய்ப்புண்டு என்று அவர் சொன்ன பிறகு எழுதினால் அது தகவல். அதற்கு முன் எழுதினால், தோல்வியைச் சொன்ன கையோடு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது.

கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் வாதம் நடந்தது. அது பணிவு என்றார் நண்பர் ஒருவர். நாங்கள் ஏற்கவில்லை. ‘லாயக்கில்லை’ என்று மகன் எழுதிவிட்டால் தந்தைக்குக் கேள்வி கேட்கும் உரிமை பறிபோகிறது. தேற்றும் கடமை மட்டுமே மிஞ்சுகிறது. தன்னைத் திட்டிக்கொள்வதும் சாக்கின் உறவுமுறைதான். (அது அலங்காரப் பேச்சாக இல்லாமல் உண்மையான விரக்தியாக இருந்தால் கதை வேறு. அப்போது குறுஞ்செய்தியை விட்டுவிட்டு உடனே ஒரு மனிதரிடம் பேச வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் ஆள் உண்டு.)

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் அனுப்பியது:

“அப்பா, அம்மா, செமஸ்டர் ரிசல்ட் இன்று வந்தது. ஆறு பாடத்தில் நான் இரண்டில் ஃபெயில்: கணிதம், பாய்ம இயக்கவியல். இரண்டையும் கடைசி வாரம்வரை நான் தொடவில்லை. ஏப்ரலில் நீங்கள் கேட்டபோது படிப்பதாகச் சொன்னது பொய். மூன்றாம் ஆண்டுக்குப் போகத் தடை இல்லை. அடுத்த செமஸ்டர் தேர்வோடு இந்த இரண்டையும் மறுபடி எழுத வேண்டும். அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.”

‘நான் தொடவில்லை’ என்பதில் எழுவாய் வந்துவிட்டது. ஏப்ரல் பொய்யை எழுதத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. இரண்டு முறை அழித்தார். பெற்றோரை மதிப்பெண்ணைவிட அதிகம் வருத்துவது அந்தப் பொய்தான் என்பது அவருக்கும் தெரியும். ‘இனி நன்றாகப் படிப்பேன்’ என்ற வாக்குறுதி இல்லாததைக் கவனியுங்கள். சென்ற செமஸ்டரிலும் அதைக் கொடுத்திருந்தாராம். கட்டணத்தையும் தடையின்மையையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் எளியது: படிப்பு ஓராண்டு நீளுமா, இன்னும் எவ்வளவு செலவு என்பவையே சம்பளக்காரத் தந்தையின் முதல் கேள்விகள்.

எல்லாக் காரணமும் சாக்கல்ல. கண் மங்குகிறது, விடுதியில் ஒருவன் அடிக்கிறான் என்பவை பெற்றோர் ஏதாவது செய்தாக வேண்டிய செய்திகள். அவற்றை மறைப்பதுதான் நேர்மைக் குறைவு. கேட்பவர் செய்யக்கூடியது எதையும் மாற்றாத காரணத்தை மட்டுமே நாங்கள் அடிக்கச் சொல்வோம். கை நீட்டும் தந்தைகள் உள்ள வீடுகளும் நாம் அறியாதவையல்ல. அங்கே இதே வாக்கியங்கள் மாமாவுக்கோ சித்திக்கோ முதலில் போகட்டும். வாக்கியங்களை மாற்ற வேண்டியதில்லை.

எட்டு மணிவரை மாணவர் காத்திருக்க நேரவில்லை. ஆறரைக்கே அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. வராந்தாவுக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசினார். திட்டினார்களா என்று கேட்டோம். “ஏப்ரலுக்கு மட்டும்” என்றார்.