சாப்பாடு இருக்குமா, முடிந்திருக்குமா?

ஜொகூரிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்துகொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு விதமாகச் செய்தி அனுப்பலாம்.

'வென் யூ கம், வீ வில் பி ஈட்டிங்.' நீங்கள் வரும்போது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். மாமாவும் இலை போட்டு உட்கார்ந்துவிடலாம்.

'பை த டைம் யூ கம், வீ வில் ஹேவ் ஈட்டன்.' நீங்கள் வருவதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். மாமா வழியிலேயே எங்காவது சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

முதல் வாக்கியம் ஃபியூச்சர் கண்டினியூவஸ். இரண்டாவது ஃபியூச்சர் பெர்ஃபெக்ட். பிள்ளைகளின் பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களில் குழப்புவது இந்த இரண்டும்தான்.

விடைக்கான துப்பு வாக்கியத்திலேயே இருக்கும். 'திஸ் டைம் டுமாரோ', அதாவது நாளை இதே நேரம், கடிகாரத்தில் ஒரு கணத்தைக் காட்டுகிறது. அந்தக் கணத்தில் வேலை பாதியில் நடந்துகொண்டிருக்கும். அதனால் பெரும்பாலும் 'வில் பி', வினையோடு 'இங்'. 'திஸ் டைம் டுமாரோ, ஐ வில் பி ஃபிளையிங் டு சென்னை.' நாளை இந்நேரம் விமானத்தில் பறந்துகொண்டிருப்பேன்.

'பை த டைம்', 'பை ஃபைவ் ஓ கிளாக்' போன்றவை கெடுவைக் காட்டுகின்றன. அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். அதனால் 'வில் ஹேவ்', பிறகு வினையின் மூன்றாம் வடிவம். மேலாளரிடம் 'ஐ வில் ஹேவ் சென்ட் இட் பை ஃபைவ்' என்றால், ஐந்து மணிக்கு அறிக்கை அவர் கையில் இருக்கும் என்று பொருள். 'ஐ வில் பி ரைட்டிங் இட் அட் ஃபைவ்' என்றால், ஐந்து மணிக்கும் நீங்கள் எழுதிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

இன்னொன்று. 'பை த டைம்' ஒட்டிய பகுதியில் 'வில்' வராது. 'பை த டைம் யூ வில் கம்' தவறு. 'பை த டைம் யூ கம்' சரி.

இனி, பலர் சறுக்கும் இடம். 'பை த டைம் டாட் கெட்ஸ் ஹோம், த சில்ட்ரன் ______.' தரப்பட்ட வினை 'ஸ்லீப்'. 'பை த டைம்' பார்த்ததும் 'வில் ஹேவ் ஸ்லெப்ட்' என்று எழுதத் தோன்றும். தமிழில் 'தூங்கியிருப்பார்கள்' என்பதும் அதற்குத் துணை போகும். தமிழில் அப்படிச் சொன்னால், தூங்கிப்போய் இன்னும் தூக்கத்தில் இருக்கிறார்கள் என்று நமக்குப் புரியும். ஆங்கிலத்தில் 'வில் ஹேவ் ஸ்லெப்ட்' என்றால் தூக்கமே முடிந்துவிட்டது போல் ஆகிவிடும். இங்கே 'வில் பி ஸ்லீப்பிங்' பொருந்தும். வினை 'ஃபால் அஸ்லீப்' என்றிருந்தால் 'வில் ஹேவ் ஃபாலன் அஸ்லீப்' சரி. தூக்கத்தில் விழுவது ஒரு நொடியில் முடிந்துவிடும் செயல்.

ஆகவே துப்பைப் பார்த்த கையோடு எழுதிவிடாமல், தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'கொண்டிருப்பார்கள்' பொருந்தினால் 'வில் பி'. 'முடித்திருப்பார்கள்' பொருந்தினால் 'வில் ஹேவ்'. 'அப்பா வருவதற்குள் பிள்ளைகள் தூங்கி முடித்திருப்பார்கள்' என்று சொன்னால், வீட்டில் யாராவது சிரித்துவிடுவார்கள். விடை தவறு என்பதற்கு அதுவே அடையாளம்.