எண்ணைக் கேட்கும் வினாவும் முடிவைக் கேட்கும் வினாவும்

வேளாண் விரிவாக்கப் பயிற்சித் தேர்வுகளில் தவறாமல் இடம்பெறும் வினா ஒன்று உண்டு: 'நெல்லில் புகையானின் பொருளாதாரச் சேத நிலை யாது?' கையேட்டை ஒருமுறை புரட்டியவர் இதற்கு விடை எழுதிவிடுவார். ஆனால், வயலில் இறங்கிய பின் தெளிப்பதா, பொறுப்பதா என்பதை அவரால் முடிவுசெய்ய இயலுமா என்பதை இவ்வினா சோதிப்பதில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஓர் எண்ணோடு நிற்பதில்லை. இரைவிழுங்கும் சிலந்திகள் இல்லாத வயலில் தூருக்கு ஒரு தத்துப்பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு. அதாவது, சேத நிலை என்பது பூச்சியை மட்டும் சார்ந்ததன்று. அதனை உண்ணும் உயிரியையும் சார்ந்தது. இந்த நிபந்தனையே கையேட்டின் சாரம். மேற்கண்ட வினா அதைத்தான் விட்டுவிடுகிறது.

அதே பக்கத்திலிருந்து வேறொரு வினாவை அமைக்கலாம். தூர்கட்டும் பருவத்தில் உள்ள ஒரு வயலில் 20 குத்துகள் பார்க்கப்பட்டன. அவற்றில் மொத்தம் 300 தூர்கள், 480 தத்துப்பூச்சிகள், 22 சிலந்திகள். உழவருக்கு என்ன சொல்வீர்கள்?

அ) பூச்சிக்கொல்லியை இன்றே தூரின் அடியில் படும்படி தெளிக்கவும்.
ஆ) செயற்கைப் பைரித்ராய்டை இன்றே பயிரின் மேல் தெளிக்கவும்.
இ) நீரை வடித்து, யூரியாவை நிறுத்தி, சில நாளில் மீண்டும் எண்ணவும்.
ஈ) நீரைத் தேக்கி, யூரியா இட்டு, பயிர் தேறுகிறதா எனப் பார்க்கவும்.

480-ஐ 300-ஆல் வகுத்தால் தூருக்கு 1.6 பூச்சி. சிலந்தியோ குத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். எனவே எல்லை இரண்டு. வயல் அதற்குக் கீழே உள்ளது. விடை 'இ'.

தவறான விடைகளும் வெறும் நிரப்பல்கள் அல்ல. 'அ'வைத் தேர்ந்தவர் முறையை அறிந்தும் சிலந்தியைக் கணக்கில் சேர்க்காதவர். 'ஆ'வைத் தேர்ந்தவர், பைரித்ராய்டுகள் இயற்கை எதிரிகளை அழித்துப் புகையானை மீண்டும் பெருக்கெடுக்கச் செய்யும் என்பதையும், பூச்சி தண்டின் அடியில் இருக்கிறது என்பதையும் அறியாதவர். 'ஈ'யைத் தேர்ந்தவர் பயிரின் மஞ்சளிப்பைத் தழைச்சத்துக் குறை என்று கொள்பவர். ஒவ்வொரு தவறும் பயிற்றுநருக்கு ஒரு செய்தியைத் தருகிறது; மனப்பாட வினாவின் தவறு எதையும் தருவதில்லை.

இனி, 22 என்பதை 3 ஆக மாற்றினால் போதும். எல்லை தூருக்கு ஒன்றாக இறங்கும், அதே 1.6 அதைக் கடந்துவிடும். விடை 'அ' ஆகும். இவ்விரண்டு வினாக்களையும் அடுத்தடுத்து வைத்தால், விடையை நினைவில் வைத்தவரும் நிபந்தனையைப் புரிந்தவரும் பிரிந்து தெரிவர். சிலந்தி எண்ணிக்கையையே தராமல் மூன்றாவது வினா ஒன்றையும் சேர்க்கலாம். அதற்குரிய விடை, 'முடிவுசெய்ய இயலாது. மீண்டும் வயலில் இறங்கிச் சிலந்திகளை எண்ணவேண்டும்' என்பதே.

ஓர் எச்சரிக்கை. தூர்களை எண்ணாமல், குத்துக்கு 10 முதல் 15 பூச்சி என்று எல்லை வகுக்கும் கையேடுகளும் நாட்டில் உண்டு. மேற்சொன்ன வயலில் குத்துக்கு 24 பூச்சிகள். அந்தக் கையேட்டின்படி தெளிப்பதே சரியான விடை. ஆகவே எந்தக் கையேடு, எந்த அலகு என்பதை வினாவிலேயே குறிக்கவேண்டும். இல்லையேல், சரியாகச் சிந்தித்த பயிற்சியாளருக்கு மதிப்பெண் பறிபோகும். குத்தையும் தூரையும் குழப்பிய வினாவாசிரியர் தப்பிவிடுவார்.

இதில் வெறும் மதிப்பெண் மட்டும் அடங்கியிருக்கவில்லை. ஐதராபாத்தின் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் தொடங்கிய 'தேசி' பட்டயப் படிப்பில் பயில்வோர் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்காரர்கள். காய்ந்த குத்தைக் கையில் பிடித்து வரும் உழவர் முதலில் நிற்பது அவர்கள் கடையின் முன்தான். 'இன்று தெளிக்கவேண்டாம்' என்னும் அறிவுரையில் அவர்களுக்கு விற்பனை இல்லை. நான்கு விடைகளுமே நான்கு மருந்துகளாக அமையும் வினாத்தாள், ஏதேனும் ஒன்றை விற்றே ஆகவேண்டும் என்பதைப் பாடமாகவே கற்பித்துவிடுகிறது. தெளிக்காமல் விடுவது சரியான விடையாக வரும் வினாக்கள் ஒவ்வொரு தாளிலும் சில இருக்கவேண்டும். தெளிப்பதே சரியாகும் அவற்றின் இணைவினாக்களும் உடன் இருக்கவேண்டும். இல்லையேல் 'தெளிக்காதே' என்பதும் இன்னொரு மனப்பாடமாகிவிடும்.

பூச்சியைச் சரியாக எண்ணும் கையை எந்த வினாத்தாளும் அளந்துவிட முடியாது. அதற்கு வயலில்தான் தேர்வு வைக்கவேண்டும். எண்ணி முடித்தபின் என்ன செய்வது என்பதையோ தாளிலேயே சோதிக்கலாம். அதற்குத் தேவையானவை கையேட்டின் அதே வரியில் ஏற்கெனவே உள்ளன.