மனுவின் கடைசி வரி

தோழர்களே, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கோ, வந்தவாசி தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்திக்கோ ஊர்க்காரர்களோடு போகிறவர்கள் நீங்கள். பெரும்பாலும் மனுவை எழுதுவதும் நீங்கள்தான். அந்த மனுவின் கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

சேரியிலிருந்து மயானத்துக்குப் போகும் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பு வைத்து வளைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு இப்படி முடியும்:

"ஆகவே சமூகம் அய்யா அவர்கள் தயவுகூர்ந்து எங்கள் மீது கருணை கொண்டு எங்கள் மயானப் பாதையில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றித் தருமாறு மிகவும் தாழ்மையுடனும் பணிவுடனும் வேண்டி விரும்பிக் கேட்டுக்கொள்கிறோம்."

மொத்தம் 22 சொற்கள். அதில் விஷயத்தைச் சொல்பவை ஆறு. மீதி எல்லாம் கும்பிடு.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். 'வேண்டி', 'விரும்பி', 'கேட்டுக்கொள்கிறோம்' மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று போதும். 'தாழ்மையுடனும் பணிவுடனும்' என்பதும் ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதுதான். தமிழில் '-மாறு கேட்டுக்கொள்கிறோம்' என்ற முடிவிலேயே மரியாதை இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் சுமை. 'சமூகம்' என்பது எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லாமல் உயர்த்தும் பழைய கச்சேரி வழக்கு. 'பெறுநர்' என்ற இடத்தில் 'வட்டாட்சியர் அவர்கள்' என்று எழுதிவிட்டோம், 'அய்யா' என்று விளித்தும்விட்டோம். இங்கே மறுபடியும் தேவையில்லை.

அடுத்தது 'கருணை'. இது வெறும் அலங்காரச் சொல் அல்ல, மனுவின் தன்மையையே மாற்றிவிடும் சொல். தூக்குத் தண்டனை பெற்றவர் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அனுப்புவது கருணை மனு. அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் தண்டனையைக் குறைக்கவும் மறுக்கவும் அவர்களால் முடியும். மயானப் பாதை அப்படியல்ல. பட்டியல் சாதியினர் மற்றவர்களுக்குச் சமமாக மயானத்தையோ பொதுப் பாதையையோ பயன்படுத்துவதை, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருவர் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவில் குற்றம். 2015-இல் வந்த திருத்தம் அதைச் சேர்த்தது. பாதை அரசுப் புறம்போக்காக இருந்தால், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற வருவாய்த் துறைக்கு அதிகாரம் உண்டு. சட்டம் கொடுத்ததைக் கருணையாகக் கேட்டால், அதை மறுக்கும் உரிமையையும் நாமே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

'அகற்றித் தருமாறு' என்பதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. 'தருதல்' சேர்ந்தால் நமக்கு ஒரு உபகாரம் செய்வதுபோல் ஆகிவிடும். கடமையைச் செய்யச் சொல்ல 'அகற்றுமாறு' போதும்.

இப்போது வரி இப்படி நிற்கிறது: "ஆகவே, எங்கள் மயானப் பாதையில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்." எட்டே சொற்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு முட்டாது, மரியாதையும் குறையவில்லை.

மிச்சமான இடத்தில் என்ன எழுதலாம்? இவ்வளவு நாளும் கும்பிடு மறைத்து வைத்திருந்ததை எழுதுங்கள். பழைய வரியில் எந்தப் பாதை என்று இல்லை, யார் அளக்க வேண்டும் என்று இல்லை, பதில் வேண்டும் என்றும் இல்லை. "ஆகவே, மேற்கண்ட புல எண்ணில் உள்ள மயானப் பாதையை நில அளவையர் மூலம் அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இந்த வரிக்கு 'ஆவன செய்யப்படும்' என்று மழுப்பலாகப் பதில் எழுதுவது கடினம். அளந்தீர்களா, இல்லையா என்று அடுத்த வாரம் போய்க் கேட்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டியதில்லை. "உடனே அகற்று" என்று எழுதினால் பேச்சு பாதையை விட்டு நம் தொனிக்குப் போய்விடும். 'அய்யா', 'அவர்கள்', ஒரு 'கேட்டுக்கொள்கிறோம்' இருக்கட்டும். வட்டாட்சியர் நமக்கு எழுதும்போதும் அதே அளவு மரியாதையைத்தான் எதிர்பார்க்கிறோம். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு அதுகூட வேண்டாம், "கீழ்க்கண்ட தகவல்களை வழங்கவும்" என்றாலே சரி. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் தயங்குவார்கள். "பணிவா எழுதுப்பா, இல்லன்னா கோவிச்சுக்குவாங்க" என்பார்கள். துண்டை இடுப்பில் கட்டி நிற்கச் சொன்ன காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதைக் கேலி செய்யாதீர்கள். இரண்டு வரியையும் படித்துக் காட்டுங்கள். எதில் பாதை இருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். பிறகு கையெழுத்து வாங்குங்கள்.