ஊசி குத்தியதை மறைக்கும் நிலை மாற வேண்டும்

ரந்தாவ், பகாவ், ஜெமாஸ், போர்ட்டிக்சன் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களைச் சுற்றியுள்ள பட்டணங்களில் தனியார் பல் கிளினிக்குகள் இயங்குகின்றன. நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் தோட்டத்துக்காரர்கள் கணிசம். பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளரும் பல வேளைகளில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண்தான். எஸ்.பி.எம். முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்து, டாக்டரைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவர். கையில் ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவர் யாராவது உண்டா? பெரும்பாலும் இல்லை. கையைக் கழுவிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. இந்த வழக்கத்தை நிறுத்தும் பொறுப்பு உதவியாளருடையது அல்ல, கிளினிக்கை நடத்துகிறவருடையது என்பதே நம் நிலைப்பாடு.

பல் கிளினிக்கில் ஊசி எப்போது குத்துகிறது என்று பார்த்தால் இந்தப் பொறுப்பு யாருடையது என்பது விளங்கும். மரத்துப்போக வைக்கும் ஊசி இரண்டு முனையிலும் கூர்மையானது. ஒரு முனை ஈறுக்குள் போகும். மறுமுனை சிரிஞ்சுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியின் ரப்பரைத் துளைத்து நிற்கும். ஊசி போட்டு முடித்ததும் ஒரு கையில் சிரிஞ்சும் மறு கையில் மூடியுமாகப் பிடித்து மூடும்போது விரலில் ஏறிவிடுகிறது. மூடாமல் தட்டில் போட்டுவிட்டால், பஞ்சுக்கும் துணிக்கும் அடியில் அது கண்ணில் படுவதில்லை. தட்டை எடுத்துப் போய்க் கழுவுகிற கைதான் அதைக் கண்டுபிடிக்கிறது. பல் துளைக்கும் கருவியில் கழற்றாமல் விட்ட பர் முன்கையைக் கீறுவதும், கழுவு தொட்டியில் கிடக்கும் கூர்க்கருவிகள் மெல்லிய கையுறையைக் கிழிப்பதும் இதே வகை. ஊசியைப் பயன்படுத்தியவர் டாக்டர், குத்து வாங்குகிறவர் உதவியாளர். பயன்படுத்தியவரே அதைக் கழற்றிக் கூர்பொருள் பெட்டியில் போட வேண்டும், அந்தப் பெட்டி நாற்காலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முக்கால் பாகம் நிறைந்ததும் மாற்ற வேண்டும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் மூடியைத் தட்டில் கிடத்தி ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ஒரு நாள் குத்தும்.

அந்த நாளை எடுத்துக்கொள்வோம். பகாவில் ஒரு கிளினிக், சனிக்கிழமை மாலை. தோட்டத் தொழிலாளி ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு முன்கூடத்தில் மருந்துக்காகக் காத்திருக்கிறார். உள்ளே தட்டை ஒழுங்குசெய்யும் உதவியாளரின் ஆள்காட்டி விரலில் கையுறையைத் தாண்டி ஊசி இறங்குகிறது.

முதல் காரியம் தண்ணீர். கையுறையைக் கழற்றி, ஓடும் குழாயில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். இரத்தம் தானாக வந்தால் வரட்டும், பிதுக்கக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சுவது கூடவே கூடாது. டெட்டால், குளோரக்ஸ் எதையும் ஊற்ற வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்குமே தவிர, உள்ளே போன கிருமியைத் துரத்தா. கண்ணில் எச்சிலோ இரத்தமோ தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரால் அல்லது உப்புநீரால் தொடர்ந்து அலச வேண்டும். பிறகு விரல் காயத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டரை ஒட்டிக்கொள்ளலாம். பல் கிளினிக்கில் எச்சில் என்றாலே அதில் இரத்தம் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். “வெறும் எச்சில்தான்” என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இரண்டாவது காரியம் சொல்வது. அதுவும் அந்த நிமிடமே. முன்கூடத்தில் உள்ள நோயாளி மோட்டார் சைக்கிளில் ஏறித் தோட்டத்துக்குப் போய்விட்டால் பாதி வழி அடைந்துபோகும். டாக்டர் தாமே வெளியே வந்து, தனியாக அழைத்து, “எங்கள் உதவியாளருக்கு ஊசி குத்திவிட்டது, உங்கள் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சம்மதிப்பீர்களா” என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அவர் மறுக்கலாம், அது அவர் உரிமை. ஆளைப் பார்த்து இவருக்கு நோய் இருக்கும், இவருக்கு இருக்காது என்று கணிப்பது மட்டும் வேண்டாம். அந்தக் கணிப்பில்தான் பல உதவியாளர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். குத்திய ஊசியைப் பரிசோதனைக்கு அனுப்புவதிலும் பயன் இல்லை. என்ன கருவி, எத்தனை மணி, எவ்வளவு ஆழம், கருவியில் இரத்தம் தெரிந்ததா, கையுறை இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதினால் போதும். அந்தத் தாள் அவரோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை மாலையில் அரசு கிளினிக் மூடியிருக்கும். ஆகவே ஜெம்போல் மருத்துவமனை அல்லது கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையின் அவசரப் பிரிவு. சிரம்பான் பக்கமென்றால் துவாங்கு ஜாபார் மருத்துவமனை. யார் காரில் அழைத்துப்போவது, யார் மீதி வேலையைப் பார்ப்பது, செலவு யாருடையது என்பதெல்லாம் அப்போது யோசிக்கிற விஷயங்களா? நோயாளிக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தாலோ, இருக்கக்கூடும் என்று அங்குள்ள மருத்துவர் கருதினாலோ, தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் அதைத் தொடங்குவதில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

பரிசோதனை விஷயத்தில் ஒரு குழப்பம் பரவலாக உண்டு. அன்றே எடுக்கும் இரத்தம், குத்தியதால் நோய் வந்ததா என்று காட்டாது. குத்துவதற்கு முன்பு அவருக்கு நோய் இல்லை என்பதற்கு அது சான்று. பின்னால் ஏதாவது தெரியவந்தால், வேலையில் வந்தது என்று நிலைநாட்ட அந்தச் சான்றைவிடப் பலமானது வேறில்லை. அதன் பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று திரும்பிப் போக வேண்டும். நோயாளியின் இரத்தம் சுத்தமென்று தெரிந்தால், மருத்துவர் சொல்லி இதை இடையிலேயே நிறுத்துவதும் உண்டு. முடிவு தெரியும்வரை இரத்த தானம் கூடாது, கணவன் மனைவிக்குள் ஆணுறை தேவை, தாய்ப்பால் கொடுப்பவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகத் தடை இல்லை. முதல் பரிசோதனையோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம் என்பதால், அடுத்த தேதிகளைக் கிளினிக் தன் நாட்காட்டியில் குறித்து, சம்பளம் பிடிக்காமல் அனுப்ப வேண்டும்.

இவ்வளவு பதற்றம் தேவையா என்று கேட்கும் டாக்டர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. எச்ஐவி உள்ளவரின் இரத்தம் ஊசிவழி ஏறினாலும் தொற்றும் வாய்ப்பு 1,000க்கு 3 தான். ஆனால் எச்ஐவி பயத்தில் நாம் மறந்துவிடுவது ஹெப்பாடைடிஸ் பி. எதிர்ப்பாற்றல் இல்லாத ஒருவர், கிருமி அதிகமுள்ள நோயாளியிடமிருந்து குத்து வாங்கினால், தொற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரை போகும். காய்ந்த இரத்தத்தில் அந்தக் கிருமி 7 நாள் உயிரோடிருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல். அதற்கு முன் பிறந்து பல ஆண்டுகளாகக் கிளினிக்கில் இருக்கும் மூத்த உதவியாளர்களுக்கு அது கிடைத்ததா என்று கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வேலைக்குச் சேரும் நாளிலேயே தடுப்பூசியும், போட்டு முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பாற்றல் பரிசோதனையும் நடந்து, அளவு 10க்குக் குறையாமல் இருந்தால், ஊசி குத்திய அன்று ஹெப்பாடைடிஸ் பி பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. அப்படி இல்லாதவருக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் தடுப்பூசியும் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் வேண்டும். ஹெப்பாடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது, முன்கூட்டிச் சாப்பிடும் மருந்தும் கிடையாது. ஆனால் கண்டுபிடித்தால் மாத்திரையால் குணமாகும் நோய் அது. எனவே அங்கே தொடர் பரிசோதனைதான் பாதுகாப்பு.

சட்டம் இப்போது இந்த உதவியாளர் பக்கம் நிற்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும். பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்வதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆபத்தைச் சுட்டிக்காட்டினார் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. வேலையில் நடந்த விபத்தைத் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். ஊசி குத்துவதும் விபத்துதான். “உன் கவனக்குறைவு” என்று உதவியாளரைத் திட்டி அனுப்பும் டாக்டர் ஒரு பெண்ணின் வாயை அடைப்பதோடு, தம் சட்டக் கடமையையும் தட்டிக்கழிக்கிறார். அரசு மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் கூர்பொருள் காயங்களுக்குத் தனிப் படிவமும் கண்காணிப்பும் இருக்கின்றன. தனியார் கிளினிக்குகளின் உதவியாளர்களுக்கு அந்த ஒழுங்கு எட்டவில்லை என்பதே நம் குறை.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு பல் கிளினிக்கும், கழுவு தொட்டிக்கு மேல் சுவரில், மலாயிலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். எந்த மருத்துவமனை, யாருடைய தொலைபேசி, யார் அழைத்துப்போவார், செலவு கிளினிக்கினுடையது என்று அதில் இருக்க வேண்டும். விடுமுறை நாளிலும் இரவிலும் தடுப்பு மருந்து எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்ற பட்டியலை மாநிலச் சுகாதார இலாகா எல்லாத் தனியார் கிளினிக்குகளுக்கும் அனுப்ப வேண்டும்.

தோட்டங்களில் நடக்கும் இலவசப் பல் முகாம்களைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் கோவில் வளாகத்திலும் நாற்காலிகளைப் போட்டு, ஒரே காலையில் ஏராளமானோருக்குப் பல் பிடுங்குகிறார்கள். நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால் 2009இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் 2 நாள் நடந்த இத்தகைய முகாமுக்குப் பிறகு 5 பேருக்கு ஹெப்பாடைடிஸ் பி கண்டது. 3 பேர் நோயாளிகள், 2 பேர் தொண்டர்கள். எந்த வழியில் பரவியது என்று விசாரணையில் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நம் முகாம்களில் ஓடும் தண்ணீர் எங்கே, கூர்பொருள் பெட்டி எத்தனை, தொண்டர்கள் தடுப்பூசி போட்டவர்களா, குத்து வாங்கியவரை எந்த மருத்துவமனைக்கு யார் கொண்டுபோவார் என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை பள்ளி வாரியமும் கோவில் நிர்வாகமும் மண்டபத்தைத் தரக் கூடாது.