தேய்த்துக் கழுவச் சொல்வது ஏன்?

அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் டெங்கு பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர், தன் குறிப்புத் தாளை என்னிடம் காட்டினார். அதில் இருந்தது இது:

ஏடிஸ் எஜிப்தி – நன்னீர் – பகலில் கடிக்கும். முட்டை முதல் கொசு வரை 7–10 நாள். முட்டை உலர்நிலையில் பல மாதம். வாரம் ஒருமுறை கொள்கலன் சுத்தம். காய்ச்சல்: 3–7ஆம் நாள் எச்சரிக்கை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தவிர்க்க. அபாய அறிகுறிகள்: கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு/மூக்கில் ரத்தம், அசதி.

ஒரு வரியிலும் பிழையில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு வாசிக்கலாம், பேச முடியாது. குறிப்பு எடுக்கும்போது முதலில் உதிர்ந்துபோவது ‘அதனால’, ‘ஏன்னா’, ‘ஆனா’ போன்ற சொற்கள்தான். அவை போனதும் வரிகள் தனித்தனியே நிற்கின்றன. முதல் வரி இரண்டாம் வரியை இழுத்து வருவதில்லை. அதனால் பேசுபவர் ஒவ்வொரு வரிக்கும் தாளைக் குனிந்து பார்க்கிறார். நினைவாற்றல் குறைவு என்று இதை நினைத்துக்கொள்பவர்கள் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது, உதிர்ந்த காரணத்தைத் தேடி எடுத்து மறுபடி பொருத்துவது.

மேலே உள்ள தாளில் 7–10 நாள், உலர்நிலை, வாரம் ஒருமுறை என்ற மூன்றும் உண்மையில் ஒரே விஷயம். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரமாவது வேண்டும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் புழு கொசுவாகாது. அதனால்தான் வாரம் ஒருமுறை. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் நிரம்பினால் பொரியும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். குறிப்பில் ‘சுத்தம்’ என்ற சொல்லுக்குள் புதைந்து கிடந்த இந்தத் ‘தேய்’தான் பேச்சின் உயிர்.

அவரிடம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் அக்காவிடம் சொல்வதுபோல் சொல்லச் சொன்னேன். செல்போனில் பதிவு செய்துகொண்டோம். “தண்ணியைக் கொட்டிட்டோம்ல, அப்புறம் என்னன்னு கேப்பீங்க. முட்டை தண்ணியில இல்லைங்க, சுவத்துல இருக்கு” என்று வந்தது. தாளில் ‘கொள்கலன்’ என்று இருந்தது, வாயில் ட்ரம், தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு என்று வந்தது. எழுத்துத் தமிழில் எடுத்த குறிப்பைப் பேச்சுத் தமிழுக்கு மாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முதலில் பேசிவிட வேண்டும், பேசியதைக் கேட்டுக் குறிப்பை எழுத வேண்டும்.

வரிசையும் மாறியது. கேட்பவர்களுக்குத் தெரிந்த தொட்டியிலிருந்து தொடங்கினார். கொசுவின் பெயர் பேச்சிலிருந்தே போனது. யாராவது கேட்டால் சொல்லக் குறிப்பின் பின்பக்கம் இருக்கட்டும். ‘பகலில் கடிக்கும்’ என்பதற்குத் தனியிடம் தேவைப்படவில்லை. “ராத்திரி வலை கட்டித்தானே படுக்கிறோம்” என்று யாரும் நினைக்கக்கூடிய இடத்தில் அது தானாக வந்து உட்கார்ந்தது.

‘3–7ஆம் நாள் எச்சரிக்கை’தான் என்னை மிகவும் உறுத்திய வரி. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று வீடு மூச்சுவிடும் அந்த ஒன்றிரண்டு நாட்களை எண்கள் காட்டுவதில்லை. “காய்ச்சல் விட்டதும் விட்டுடாதீங்க, அப்பதான் கூடுதலாப் பாக்கணும்” என்று சொன்னால் ஒரு தாய்க்கு விளங்கும்.

கடைசியில் அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை மிஞ்சியது. தொடக்க வாக்கியம் மட்டும் முழுதாக. அதன்கீழ் ‘கொட்டினா போதுமா? – சுவர் – தேய்’, ‘ராத்திரி வலை – பகல் கடி’, ‘காய்ச்சல் விட்ட பிறகு’ என்று தூண்டுசொற்கள். அவற்றைப் பார்த்து அவர் பேசும்போது நான் ஒன்றை மட்டும் கவனித்தேன்: எங்கே ‘அடுத்ததா’ என்கிறார்? அந்தச் சொல் வரும் இடத்தில் இரண்டு கருத்துகளுக்கு இடையே காரணம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். வலையிலிருந்து காய்ச்சலுக்குத் தாவும்போது வந்தது. “இவ்வளவு செஞ்சும் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்துட்டா?” என்ற கேள்வியை அங்கே வைத்ததும் போய்விட்டது.

எல்லாவற்றையும் இப்படித் தளர்த்திவிடக் கூடாது. கிராம சபைத் தீர்மானமும் வரவு செலவுக் கணக்கும் எழுதியபடியே வாசிக்க வேண்டியவை. டெங்குப் பேச்சிலும் தவிர்க்க வேண்டிய மாத்திரைகளின் பெயர்களும் அந்த நான்கு அபாய அறிகுறிகளும் அப்படித்தான். ஒன்று விடுபட்டாலும் ஒரு வீடு ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கும். அவற்றை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, தயங்காமல் பார்த்தே, நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன்.