வெள்ளை பல்பு உள்ளதைக் காட்டுமாமே!

"மஞ்சள் பல்பு நிறத்தை மாற்றிக் காட்டும். வெள்ளை பல்புதான் உள்ளதை உள்ளபடி காட்டும்." எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் முதல் என் சம்பந்தி வரை எல்லோருக்கும் இது வேதவாக்கு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

போன வருஷம் ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தோம். என் மனைவி தேர்ந்தெடுத்தது இளஞ்சந்தன நிறம். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் அருமையாக இருந்தது. ராத்திரி பல்பைப் போட்டதும் சுவர் சாம்பல் பூத்துவிட்டது. "ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்குங்க" என்றாள். பெயிண்டர் மட்டமான சரக்கை அடித்துவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்பினேன். நல்லவேளை, அதற்கு முன் பூஜை அறையிலிருந்த மஞ்சள் பல்பைக் கழற்றி ஹாலில் மாட்டிப் பார்த்தேன். சந்தனம் திரும்பி வந்தது. பகலில் இருந்ததைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே!

பல்பு அட்டையில் பார்த்தால் வெள்ளையில் 6500 கெல்வின், மஞ்சளில் 2700 கெல்வின் என்று போட்டிருந்தது. எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும், இறங்க இறங்க மஞ்சளும் சிவப்பும் கூடும். சுவர் தானாக நிறத்தை உண்டாக்குவதில்லை. தன் மேல் விழும் ஒளியில் இருப்பதைத்தான் திருப்பி அனுப்புகிறது. நீலம் தூக்கலான ஒளியில் சந்தனத்தின் மஞ்சள் எடுபடாது.

மஞ்சள் பல்பும் யோக்கியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு விடியற்காலை முகூர்த்தத்துக்கு, இருட்டோடு எழுந்து அந்த வெளிச்சத்தில் கிளம்பினோம். நீலம் குறைந்த ஒளியில் கருநீலப் பட்டு கறுப்பாகவே தெரிந்தது. கறுப்பு ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மண்டப வாசலில் வெயில் பட்டதும் குட்டு வெளிப்பட்டது. அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை, பல்பு வாங்கியவன் நான் என்பதால்!

ஆனால் வெள்ளை பல்பைச் சூரிய வெளிச்சம் என்று நம்புவதுதான் பெரிய தவறு. எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் மஞ்சள் பூச்சு. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மலிவான பல்புகளில் அடர்சிவப்பு குறைவாக இருக்கும். அரக்குப் புடவை அதில் மங்கி, பழுப்படித்துத் தெரியும். இதை அறிய சி.ஆர்.ஐ. என்றொரு எண் இருக்கிறது. 80 என்பது சாதாரணம். 90-க்கு மேல் இருந்தால் நிறங்கள் ஓரளவு ஒழுங்காகத் தெரியும். மஞ்சளோ வெள்ளையோ, அட்டையில் இந்த எண்ணையும் பாருங்கள்.

இப்போது பெயிண்ட் வாங்குகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்கிறேன். சின்ன டப்பா வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ராத்திரி, அந்த அறையில் மாட்டப்போகும் அதே பல்பைப் போட்டுப் பாருங்கள். சம்பந்தி கேட்கவில்லை. கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய இளநீலம், மஞ்சள் பல்பு மாட்டிய அவர் படுக்கையறையில் ராத்திரி பாசி படிந்த மாதிரி நிற்கிறது. பெயிண்ட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.